பேட்டரித் துறையில் சேரலாமா? விளம்பரம், சம்பளக் கணக்கெடுப்பு, தொழில் அறிக்கை மூன்றையும் வாசிக்கும் முறை

காரைக்குடியில் சிக்ரி எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதாலோ என்னவோ, இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேதியியல் படித்த பிள்ளைகளிடம் "இனிமேல் எல்லாம் பேட்டரிதான்" என்று சொல்லாத உறவினர் இல்லை. என் தங்கை பி.எஸ்சி. வேதியியல் முடித்தபோது அந்தச் சொல்லைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எதைப் பார்க்க வேண்டும், எந்த எண்ணை நம்பலாம் என்று வரிசையாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட முறையைத் தேவகோட்டை, திருப்பத்தூர், புதுவயல் பக்கத்துப் பட்டதாரிகளுக்குப் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் பேட்டரித் துறையும் புதிதாக வெளிவரும் ஒரு வேதியியல் பட்டதாரியும்தான்.

1. துறையின் பெயரை வேலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

பேட்டரி என்பது ஒரு பொருளின் பெயர். அதைச் சுற்றி இருக்கும் வேலைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத படிப்புகளைக் கேட்பவை. லித்தியம் செல்லைத் தயாரிக்கும் ஆலையில் வேதிப்பொடிகளைக் குழம்பாகக் கலப்பது, அதை உலோகத் தகட்டில் பூசி உலர்த்துவது, மின்பகுளியை நிரப்புவது, முதன்முறையாக மின்னேற்றிச் செல்லைப் பழக்குவது போன்ற வேலைகள் நடக்கின்றன. வேதியியல் படித்தவருக்கு இங்கே இடம் உண்டு. பேட்டரி பேக் கோர்க்கும் ஆலையிலோ செல்கள் ஆயத்தமாக வந்து இறங்கும். அவற்றைத் தரம் பிரித்து, பற்றவைத்து, கட்டுப்பாட்டு மின்சுற்றுடன் இணைத்து, பெட்டிக்குள் அடைத்துச் சோதிப்பார்கள். இது மின்னியல், மின்னணுவியல், இயந்திரவியல் படித்தவர்களின் களம்.

இந்தியாவில் லித்தியம் செல்கள் இன்றும் பெரும்பாலும் இறக்குமதியே ஆவதால், பேட்டரி ஆலை என்று பெயர் பலகை வைத்திருக்கும் பல இடங்களில் நடப்பது இந்த இரண்டாவது வகை வேலைதான். ஆகவே தேடத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் செல் தயாரிப்பு, பேக் கோர்ப்பு, சோதனைக்கூடம், விற்பனையும் பழுதுநீக்கமும், மறுசுழற்சி என்று ஐந்து தலைப்புகளைப் போட்டுக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு விளம்பரமும் இவற்றில் ஒன்றன் கீழ்தான் போக வேண்டும்.

2. விளம்பரங்களைச் சேர்த்து, கழித்து, பிறகு எண்ணுங்கள்

வேலைத் தளத்தில் `battery` என்று தட்டியவுடன் மேலே தோன்றும் மொத்த எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். அதில் பழைய விளம்பரங்களும், ஒரே இடத்துக்கு நான்கு கன்சல்டன்சிகள் போட்ட நகல்களும், பேட்டரி என்ற சொல் எங்கோ ஓர் ஓரத்தில் வருகிற கார் ஷோரூம் விளம்பரங்களும் கலந்திருக்கும். வாரம் ஒரு நாள் ஒதுக்கி, எட்டு வாரங்களாவது விளம்பரங்களைச் சேகரியுங்கள். ஒரே நாளில் எடுத்த கணக்கு, ஏதோ ஒரு நிறுவனம் அன்று கூட்டமாக ஆள் எடுத்ததை மட்டுமே காட்டக்கூடும்.

ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வேலை கொடுக்கும் நிறுவனம், ஊர், கேட்கப்படும் படிப்பு, கேட்கப்படும் அனுபவம், செய்ய வேண்டிய பணிகள், நிறுவனமா கான்ட்ராக்டரா யாருடைய சம்பளப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்ற ஆறு விவரங்களைக் குறித்தால் போதும். பதவிப் பெயருக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். `Battery Engineer` என்று தலைப்பிட்டு, உள்ளே ஒயரிங் வேலையை விவரிக்கும் விளம்பரங்கள் ஏராளம். பணிகளின் பட்டியலில் உள்ள சொற்களைப் பாருங்கள். `BMS`, `CAN`, `harness`, `spot welding` போன்ற சொற்கள் வந்தால் அது பேக் கோர்ப்பு. `slurry`, `coating`, `electrolyte`, `formation` என்று வந்தால் செல் தயாரிப்பு. `titration`, `impedance`, `coin cell` என்று வந்தால் சோதனைக்கூடம்.

கணக்கு எப்படிப் போகும் என்பதைக் காட்ட ஒரு கற்பனைத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். எட்டு வாரத்தில் 60 விளம்பரங்கள் சேர்கின்றன. ஒரே ஊர், ஒரே பணிப்பட்டியல், ஒரே சொற்கள் கொண்டவற்றை ஒன்றாக்கினால் 34 மிஞ்சுகின்றன. அந்த 34இல் பேக் கோர்ப்பு 21, விற்பனையும் பழுதுநீக்கமும் 5, செல் தயாரிப்பும் சோதனைக்கூடமும் சேர்ந்து 8. இந்த எட்டிலும் மூன்று ஆண்டு அனுபவம் கேட்பவை 6. புதியவரை ஏற்பவை 2. அறுபது என்று தொடங்கிய எண் வேதியியல் பட்டதாரிக்கு இரண்டாகச் சுருங்கிவிட்டது. துறை வளர்கிறது என்ற செய்தி இதனால் பொய்யாகிவிடாது. வளர்ச்சி இருக்கிறது, ஆனால் புதியவர் நுழையும் வாசல் எங்கே இருக்கிறது என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்கிறது.

எத்தனை விளம்பரங்கள் என்பதைவிட எத்தனை வெவ்வேறு நிறுவனங்கள் என்பதே முக்கியம். இரண்டு விளம்பரங்களும் ஒரே நிறுவனத்துடையவை என்றால், அங்கே ஆளெடுப்பு நின்றவுடன் உங்கள் துறையே நின்றுவிடும். அதேபோல எட்டு வாரமும் விடாமல் தொங்கும் விளம்பரத்தைத் தனியே குறித்து வையுங்கள். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: வந்தவர்கள் நிலைக்காமல் போய்க்கொண்டிருக்கிறார்கள், அல்லது ஆள் தேவையே இல்லாமல் விண்ணப்பங்களைச் சேர்த்து வைக்கிறார்கள். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அதே இடம் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் பாதி உண்மை வெளிவரும். முன்னர் அங்கே வேலை பார்த்த ஒருவரிடம் பேசினால் மீதியும் வந்துவிடும்.

சிக்ரி போன்ற அரசு ஆய்வு நிறுவனங்களின் திட்டப் பணி அறிவிப்புகளையும் இதே தாளில் சேருங்கள். அவற்றில் திட்டத்தின் பெயர், தகுதி, காலம், மாதத் தொகை எல்லாம் வெளிப்படையாக இருக்கும். வேலை தற்காலிகமானதுதான். ஆனாலும் எந்தப் பொருளில் ஆராய்ச்சிக்குப் பணம் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் நம் ஊரிலேயே வேறு கிடைக்காது.

3. சி.டி.சி.யைக் கைக்கு வரும் தொகையாக மாற்றுங்கள்

சம்பளக் கணக்கெடுப்புகளும் விளம்பரங்களும் பெரும்பாலும் சி.டி.சி. என்ற ஆண்டுத் தொகையில்தான் பேசும். அது நிறுவனத்துக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. ஆண்டுக்கு 3,00,000 ரூபாய் என்று ஒரு விளம்பரம் வந்தால், மாதம் 25,000 என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

அடிப்படைச் சம்பளம் 12,500 என்றும், ஆண்டு இறுதியில் செயல்திறன் பார்த்துத் தரும் தொகையின் மாதப் பங்கு 2,000 என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 2,000 மாதாமாதம் வராது. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். அடிப்படையில் 12 விழுக்காடு, அதாவது 1,500. பணிக்கொடைக்கு 4.81 விழுக்காடு என்று 601 ரூபாயை ஒதுக்குவார்கள். நிரந்தர ஊழியர் ஐந்து ஆண்டு தொடர்ந்து இருந்தால்தான் அதைப் பார்ப்பார். மீதமுள்ள 20,899 ரூபாய்க்குள் நிறுவனத்தின் இ.எஸ்.ஐ. பங்கான 3.25 விழுக்காடும் அடங்கியிருப்பதால், உங்கள் மொத்த மாதச் சம்பளம் ஏறத்தாழ 20,241 ஆகும். அதிலிருந்து உங்கள் பி.எஃப். பங்கு 1,500, இ.எஸ்.ஐ. பங்கு 152 கழிந்தால் கைக்கு வருவது 18,589. கேன்டீன், பேருந்து, தொழில்வரி ஆகியவற்றின் பிடித்தம் அதற்குப் பிறகு.

இந்தத் தொகையிலிருந்து ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ பங்குக்கு எடுக்கும் அறை வாடகையையும் சாப்பாட்டையும் கழித்துப் பாருங்கள். காரைக்குடியிலேயே வீட்டிலிருந்து போய்வரும் 14,000 ரூபாய் வேலையோடு ஒப்பிட வேண்டிய எண் அதுதான்.

4. கணக்கெடுப்பில் யாரைக் கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள்

வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வெளியிடும் சம்பளக் கையேடுகள் அவற்றின் வாடிக்கையாளர்களான பெரிய நிறுவனங்களின் தரவிலிருந்து வருபவை. பெருநகரச் சம்பளமே அவற்றில் மேலோங்கியிருக்கும். ஊழியர்கள் தாமே வந்து சம்பளத்தைப் பதியும் தளங்களில், பதிந்தவர் எத்தனை பேர் என்ற எண் ஓரத்தில் இருக்கும். ஐந்து பேர், ஏழு பேர் என்றிருந்தால் அதை ஒரு வதந்தி அளவுக்கே மதியுங்கள்.

சராசரியா, இடைநிலையா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு சோதனைக்கூடத்தில் ஐவர் மாதம் 15,000, 16,000, 17,000, 18,000, 64,000 ரூபாய் வாங்குகிறார்கள் என்றால் சராசரி 26,000. அந்தத் தொகையை வாங்குபவரோ அதற்கு அருகில் இருப்பவரோ அங்கே ஒருவரும் இல்லை. வரிசையின் நடுவில் நிற்கும் 17,000தான் இடைநிலை. புதிதாகச் சேர்பவர் அதற்கும் கீழேதான் தொடங்குவார். அனுபவ ஆண்டு வாரியாகப் பிரித்துத் தராத கணக்கெடுப்பை ஒதுக்கிவிடலாம்.

கட்டணம் கொடுத்து வாங்கும் அறிக்கைகள் நமக்குத் தேவையில்லை. ஒன்றிய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு `mospi.gov.in` தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மாதச் சம்பளக்காரர்களின் சராசரி வருமானத்தை அது மாநில வாரியாகத் தரும். பேட்டரி ஆலைச் சம்பளம் அதில் தனியே இருக்காது. எனினும் உங்களுக்குச் சொல்லப்படும் தொகை மாநிலச் சராசரிக்கு மேலா கீழா என்று உரசிப் பார்க்க உதவும். அந்தச் சராசரியில் பல ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் அடக்கம் என்பதால், தொடக்கச் சம்பளம் அதற்குக் கீழே இருப்பது இயல்புதான்.

5. தொழில் அறிக்கையில் அறிவிப்பை விட்டுவிட்டு ஆட்களைத் தேடுங்கள்

தொழில் அறிக்கைகளின் முதல் பக்கத்தில் இருப்பது சந்தை மதிப்பும் ஆண்டு வளர்ச்சி விழுக்காடும். அவை பணத்தின் அளவைச் சொல்பவை. எத்தனை பேருக்கு வேலை என்பதை அவற்றிலிருந்து பெற முடியாது. செல் ஆலைகள் மிகவும் தானியங்கி மயமானவை என்பதால், முதலீடு இரட்டிப்பானால் ஆட்களும் இரட்டிப்பாவார்கள் என்று எண்ண இடமில்லை.

அறிவிப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேம்பட்ட செல் தயாரிப்புக்கான ஊக்கத்தொகைத் திட்டத்தை ஒன்றிய அரசு 2021 மே மாதத்தில் ஏற்றது. 18,100 கோடி ரூபாய், 50 ஜிகாவாட் மணி இலக்கு. 2022இல் நிறுவனங்களும் தேர்வாயின. 2025 வரை நிறுவப்பட்டதோ அந்த இலக்கில் ஒரு சிறு பகுதிதான். 2021இல் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர், படிப்பை முடித்தபோது ஆலைகள் இன்னும் எழும்பிக்கொண்டிருந்தன. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய் முதலீட்டுக்கும் 26.9 லட்சம் வேலைகளுக்கும் ஒப்பந்தமானதாக அரசு அறிவித்தது. அந்த வேலைக் கணக்கில் நேரடி, மறைமுகம் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. பல ஆண்டுகளில் நிறைவேற வேண்டியவை அவை. இவ்வகை எண்ணைப் பார்த்தால் நேரடி எவ்வளவு, எந்த ஆண்டுக்குள், எந்த ஊரில் என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் விடை இல்லாத எண்ணை உங்கள் தாளில் ஏற்ற வேண்டாம்.

எனக்கு மிகவும் பயன்பட்டது பலர் கண்ணில் படாத ஓர் ஆவணம். பங்குச் சந்தையில் மதிப்பின்படி முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் தம் ஆண்டறிக்கையோடு பொறுப்புடைமை அறிக்கை ஒன்றைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று 2022-23 முதல் செபியின் விதி இருக்கிறது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பி.டி.எஃப். ஆக இறக்கி, அதற்குள் `Business Responsibility and Sustainability Report` என்று தேடினால் அந்தப் பகுதி கிடைக்கும். வரிசையாக நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதல் பகுதியிலேயே நிரந்தர ஊழியர் எத்தனை, நிரந்தரமல்லாதவர் எத்தனை என்ற அட்டவணை வரும். தொழிலாளர் வரிசையில் நிரந்தரமல்லாதவர்கள் பாதிக்கு மேல் என்றால், புதியவருக்குக் கிடைக்கப்போவதும் பெரும்பாலும் கான்ட்ராக்ட் வேலையே. சற்றுக் கீழே மூன்று ஆண்டுகளுக்கான `Turnover rate` இருக்கும்; நூறு பேரில் எத்தனை பேர் ஓராண்டில் விலகினார்கள் என்பது அது. ஓயாமல் தொங்கும் விளம்பரத்தின் மர்மம் பல வேளைகளில் இங்கே அவிழ்ந்துவிடும். மனித உரிமை பற்றிய ஐந்தாவது கொள்கையின் கீழ், குறைந்தபட்சக் கூலிக்குச் சமமாக வாங்குபவர் எத்தனை, அதற்கு மேல் வாங்குபவர் எத்தனை என்ற அட்டவணையும், ஆண் பெண் வாரியான இடைநிலைச் சம்பளமும் இருக்கும். நிறுவனமே கையொப்பமிட்டுத் தரும் எண்கள் இவை. கணக்கு வழக்கில் ஊறிய ஊர் நம்முடையது; ஐந்தொகையைப் பார்க்காமல் கடையின் நிலையைப் பேசமாட்டார்கள். வேலைக்குச் சேரும் இடத்துக்கும் அதே வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எண்கள் நிறுவனம் முழுமைக்குமானவை. ஓசூர் ஆலைக்கு மட்டும் தனியே பிரித்துத் தரமாட்டார்கள். பங்குச் சந்தைக்கு வராத சிறு நிறுவனங்களுக்கு இந்த அறிக்கையே இருக்காது.

6. மூன்றையும் அருகருகே வைத்துப் படியுங்கள்

அறிக்கை வளர்ச்சி என்கிறது, விளம்பரங்களும் பல நிறுவனங்களிலிருந்து வருகின்றன, ஆனால் சம்பளம் அசையவில்லை என்றால், அந்த வேலைக்கு ஆள் தாராளமாகக் கிடைக்கிறார்கள் என்று பொருள். அறிக்கை உரத்துப் பேசுகிறது, விளம்பரமோ அனுபவசாலிகளை மட்டும் கேட்கிறது என்றால், துறை இன்னும் தொடக்க நிலையில் இருக்கிறது; பக்கத்துத் துறை ஒன்றில் பழகிவிட்டு மூன்று ஆண்டு கழித்து உள்ளே போவதே நடைமுறை.

அந்தப் பக்கத்துத் துறையைக் கண்டுபிடிக்க, தேடுசொல்லை மாற்றுங்கள். `battery` என்பதை எடுத்துவிட்டு, வேதியியல் பட்டதாரி கையால் செய்யக்கூடிய பணிகளைத் தட்டுங்கள்: `electroplating`, `bath analysis`, `salt spray test`, `titration`. முலாம் பூசும் கூடங்கள், வாகன உதிரிபாகங்களுக்கு மேற்பூச்சு செய்யும் ஆலைகள், அரிப்புத் தடுப்புச் சோதனைக்கூடங்கள் என்று வேறொரு பட்டியல் விரியும். அம்பத்தூர், ஓசூர், கோயம்புத்தூர் என்று வாகன உதிரிபாகத் தொழில் இருக்கும் ஊர்களிலெல்லாம் இவை உண்டு. இந்தப் பட்டியலுக்கும் இரண்டாம் படியில் சொன்ன அதே கழித்தலைச் செய்து, புதியவரை ஏற்கும் நிறுவனங்களின் எண்ணிக்கையைப் பேட்டரிப் பட்டியலின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். மின்வேதியியல் அடிப்படை இரண்டுக்கும் பொது என்பதால், இங்கே கற்கும் கரைசல் பகுப்பாய்வும் படிவுகளைச் சோதிக்கும் பழக்கமும் பின்னர் செல் ஆலைக்கும் உதவும். என் தங்கை இந்த இரண்டாவது பட்டியலிலிருந்துதான் விண்ணப்பிக்கத் தொடங்கினாள்.

7. ஆவணம், செலவு, காலம்

தேடலுக்கு இணையச் செலவைத் தவிர வேறு செலவு ஆகக் கூடாது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடை முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அந்த விளம்பரத்தைத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். வாக்-இன் நேர்முகத்துக்குப் போவதென்றால், பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போய்வரும் டிக்கெட்டும் ஓர் இரவுத் தங்கலும் உங்கள் செலவுதான். ஆகவே எந்த ஆலைக்கு, யாருடைய சம்பளப் பட்டியலில், எவ்வளவு என்று மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டுப் பெற்ற பிறகே புறப்படுங்கள்.

மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்று, மாற்றுச் சான்று, ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை இரண்டு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மூலச் சான்றுகளைக் காட்டலாம். கொடுத்துவிட்டு வரக் கூடாது. பணி ஆணையில் `apprentice` என்று இருந்தால், அது அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழான பயிற்சி. அதில் உதவித்தொகை மட்டுமே உண்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. ஒரு விளம்பரம் 100 இடங்கள் என்று சொல்லி அத்தனையும் இந்த வகையாக இருந்தால், உங்கள் கணக்கில் அதைத் தனிப் பத்தியில் போடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, மார்ச்சில் நிதியாண்டு முடியும் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் வெளிவருகின்றன. இறுதியாண்டில் இருப்பவர் ஆகஸ்ட்டில் விளம்பரச் சேகரிப்பைத் தொடங்கினால், எட்டு வாரம் முடியும்போது புதிய ஆண்டறிக்கையும் கையில் இருக்கும்; கடைசிப் பருவத்தின் செய்முறைத் திட்டத்துக்குத் தலைப்புக் கொடுக்கும் நேரத்தில் முலாம் பூச்சா, அரிப்புச் சோதனையா, செல்லா என்று பேராசிரியரிடம் பட்டியலைக் காட்டியே கேட்கலாம்.